பாம்பு கடித்த முதல் ஒரு மணி நேரம்: வார்டு சுவரில் இருந்த ஒரு தாள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளரும், கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் நம் பம்ப் ரூம் பக்கம் ஒரு பாம்பு வந்ததும், அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் பேச்சு ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். "அது நல்ல பாம்பா, சாரையா?" என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. பாம்பைப் பிடிப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடிபட்டவர் மருத்துவமனைக்குள் வந்த பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். செயலாளர் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்.

நான் வேலை பார்த்தது முப்பது படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை. சுற்றிலும் நெல் வயலும் கரும்புத் தோட்டமும். இரவில் ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். அங்கே அவசரப் பிரிவில், படுக்கைக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து லேமினேட் செய்த ஒரு தாள் இருந்தது. மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலை எங்கள் டாக்டர்கள் ஒரே பக்கத்துக்குச் சுருக்கியது அது. இன்று அந்தத் தாளை உங்களுக்கு மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டப் போகிறேன். மருந்தின் அளவுகளையும் சொல்வேன். அதெல்லாம் டாக்டரும் நர்ஸும் செய்ய வேண்டியவை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், வெளியே நாம் செய்ய வேண்டியது தானாகப் புரியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

தாளின் முதல் வரியில் இரண்டு கட்டங்கள். "கடித்த நேரம்", "வந்த நேரம்". அந்த வரியில் பாம்பின் பெயருக்கு இடமே கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

காரணம் எளிது. நம் நாட்டில் அதிகமான உயிர்களை எடுப்பவை என்று நான்கு பாம்புகளைச் சொல்வார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, இங்கே மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்து வருகிறது. ஆக, எந்தப் பாம்பு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாங்கள் எடுக்கப்போகும் குப்பி ஒன்றுதான். எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. ஏனென்றால் விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் உள்ளே இறங்கியிருக்காது. அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் தேவையில்லாதவருக்குப் போடக் கூடாது, தேவைப்படுகிறவருக்குத் தாமதிக்கவும் கூடாது. இதை முடிவு செய்ய உறவினர் கோணிப்பையில் கொண்டுவரும் பாம்பு தேவையில்லை. கடிபட்டவரின் உடம்பு இரண்டு இடங்களில் பதில் சொல்லும். ஒன்று ரத்தம், இன்னொன்று கண் இமை. எங்கள் தாள் முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தது.

ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது விவசாயி. மாலை 6.30 மணிக்கு வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது கணுக்கால் பக்கம் கடி. கூட இருந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றி 7.20க்குக் கொண்டு வருகிறார்கள்.

தாளின் இரண்டாவது வரி: "மூச்சு, நாடி, ரத்த அழுத்தம். கடிபடாத கையில் ஊசிக் குழாய்." அதாவது டிரிப்ஸ் ஏற்றுவதற்கான வழியை முதலிலேயே போட்டு வைத்துவிடுவது. அதே ஊசி வழியாக இரண்டு மில்லி ரத்தம் எடுத்துவிடுவோம். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வரி சிவப்பு எழுத்தில் இருக்கும்: "கட்டை வாசலில் அவிழ்க்காதே." உறவினர்கள் கட்டிய கயிற்றைப் பார்த்ததும் யாருக்கும் கை பரபரக்கும், ஒரு கத்தரியை எடுத்து வெட்டிவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கயிற்றுக்குக் கீழே ஒரு மணி நேரமாகத் தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடம்புக்குள் பாயலாம். ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், மூச்சு தடைபடலாம். அதற்காகக் கட்டை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது, கால் ரத்த ஓட்டம் இல்லாமல் கெட்டுவிடும். எனவே வரிசை முக்கியம். முதலில் டிரிப்ஸ் வழி தயாராக வேண்டும், மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டுக்குக் கீழே நாடி பார்க்க வேண்டும். பிறகுதான் மெதுவாகத் தளர்த்த வேண்டும். நம் விவசாயிக்கு 7.30க்கு அது நடக்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. கயிறு கட்டுவதால் பயன் கிடையாது, ஆபத்துதான் கூடும். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எல்லாமே அப்படித்தான். எலும்பு முறிந்தவருக்கு மட்டை வைத்துக் கட்டுகிறோமே, அதுபோல அசையாமல் வைத்துத் தூக்கி வந்தால் போதும். மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

நான்காவது வரிதான் அந்தத் தாளின் உயிர்: "கண்ணாடிக் குழாய், இரண்டு மில்லி, இருபது நிமிடம்." இது ஐந்து காசு செலவில்லாத சோதனை. புதிய, சுத்தமான, உலர்ந்த ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் அந்த இரண்டு மில்லி ரத்தத்தை விட்டு, அசைக்காமல் நிற்க வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தயிர் மாதிரி உறைந்து நின்றால், இப்போதைக்கு ரத்தத்தில் விஷத்தின் வேலை தெரியவில்லை என்று பொருள். தண்ணீர் மாதிரி ஓடினால், உறைய வைக்கும் பொருட்களை விஷம் தின்று தீர்த்துவிட்டது. விரியன் வகை கடித்திருக்கிறது, மருந்து போட்டே ஆக வேண்டும். அந்த ஊரில் லேப் இரவில் திறந்திருக்காது. இந்தச் சோதனைக்கு லேப் தேவையும் இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இது தவறிப்போகும் வழிகள் பல. கண்ணாடி என்று ஏன் வற்புறுத்துகிறோம்? ரத்தம் கண்ணாடியின் மேற்பரப்பைத் தொடும்போதுதான் உறைதல் ஒழுங்காகத் தூண்டப்படும். பிளாஸ்டிக் குழாயிலோ சிரிஞ்சிலோ வைத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் அதே கதிதான். அப்போது விஷமே ஏறாத ஒருவருக்குப் பத்து குப்பி மருந்து ஏறிவிடும். நடுவில் ஆர்வத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் சோதனை கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு. கூட வந்த உறவினர் ஒருவரின் ரத்தத்தையும் அதே மாதிரிக் குழாயில் எடுத்துப் பக்கத்தில் வைப்பது. அவருடையதும் உறையாவிட்டால் குற்றம் குழாயில்.

எங்கள் தாளுக்குக் கீழே ஒரு துணிப்பை ஆணியில் தொங்கும். அதில் புதிய கண்ணாடிக் குழாய்கள், ஒரு சுவர்க் கடிகாரத்தின் பழைய அலாரம், ஒரு மார்க்கர் பேனா. தாள் மட்டும் சுவரில் இருந்து, குழாய் பூட்டிய அலமாரியில் இருந்தால் அந்தத் தாளால் பயன் கிடையாது. பையில் எத்தனை குழாய் இருக்கிறது, மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று ஒவ்வொரு ஷிப்டும் எண்ணிக் கையெழுத்துப் போடுவோம்.

நம் விவசாயியின் குழாயை 7.25க்கு நிற்க வைத்தோம். 7.45 வரை சும்மா இருப்பதில்லை. வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு நேரம் எழுதுவோம். ஈறு, சிறுநீர், பழைய ஊசி குத்திய இடம் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்போம். கண்ணெதிரே ரத்தம் கசிந்தால் குழாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, அவை ரத்தக் கசிவைக் கூட்டும். வழக்கமாகப் போடும் டி.டி. ஊசியும் இப்போது வேண்டாம். உறையாத ரத்தம் உள்ளவரின் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

7.45. குழாயைச் சாய்க்கிறோம். ரத்தம் ஓடுகிறது.

ஐந்தாவது வரி: "பத்து குப்பி. டெஸ்ட் டோஸ் வேண்டாம். அட்ரினலின் சிரிஞ்சில் தயார்." ஏன் பத்து? கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும் என்று அளந்திருக்கிறார்கள். ஒரு குப்பி மருந்து அதன் விஷத்தில் சுமார் 6 மில்லிகிராமை முறிக்கும். கணக்கு உங்களுக்கே புரியும். குழந்தைக்கும் இதே பத்துதான். இதைச் சொன்னால் பெற்றோர்கள் பதறுவார்கள். மற்ற மருந்தெல்லாம் உடம்பின் எடைக்கு ஏற்பக் கொடுப்போம். இங்கே மருந்து எதிர்கொள்வது விஷத்தை. கடித்தது குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

குப்பிக்குள் இருப்பது பொடி. ஒவ்வொன்றிலும் பத்து மில்லி சுத்த நீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரை கட்டிவிடும். பத்தும் கரைய நேரம் ஆகும் என்பதால் இரண்டு பேர் உட்கார்ந்து கரைப்போம். அதை சலைன் பாட்டிலில் கலந்து முதலில் மெதுவாகவும், பிறகு வேகம் கூட்டியும், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிப்போம்.

டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம், தோலில் கொஞ்சம் குத்திப் பார்ப்பதால் யாருக்கு ஒவ்வாமை வரும் என்று கண்டுபிடிக்க முடியாது. நேரம்தான் வீணாகும். அதற்குப் பதில் ஒருவர் படுக்கையை விட்டு நகராமல் நின்று பார்க்க வேண்டும். நம் விவசாயிக்கு 7.55க்கு டிரிப்ஸ் ஆரம்பம். 8.05க்குக் கழுத்தைச் சொறிகிறார். சட்டையைத் தூக்கினால் தடிப்புகள். இது சாதாரண அரிப்பு என்று விட்டால் அடுத்து மூச்சு இழுக்கும், அழுத்தம் விழும். உடனே டிரிப்ஸை நிறுத்தி, தயாராக இருக்கும் அட்ரினலின் அரை மில்லியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறோம். தசை ஊசி வேண்டாம் என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. 8.20க்குத் தடிப்பு அடங்குகிறது. மருந்தை மறுபடி மெதுவாகத் தொடங்குகிறோம். இங்கே பயந்துபோய் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வாமையைச் சமாளிக்க முடியும். விஷத்துக்கு வேறு மருந்து கிடையாது.

மருந்து ஏறி முடிந்ததும் உடனே குழாய்ச் சோதனை செய்தால் பலன் இருக்காது. விஷம் முறிந்தாலும், உறைய வைக்கும் பொருட்களைக் கல்லீரல் மறுபடி உற்பத்தி செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். எனவே அடுத்த குழாய் அதிகாலை மூன்று மணி வாக்கில். அப்போதும் உறையாவிட்டால் மறு டோஸ்.

இப்போது தாளின் வலது பக்கத்துக்கு வருவோம். அங்கே கண் இமை. ரத்தக் குழாய் "எல்லாம் சரி" என்று சொன்னாலும் உயிர் போகக்கூடிய கடி இது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து வருவார். வாய்வு, அஜீரணம் என்று சோடா குடித்துவிட்டு இருப்பார். பிறகு இமை கனக்கும், பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

அதனால் தாளில் இருந்த கேள்விகள் இவை. மேலே பார்க்கச் சொன்னால் இமை தூக்குகிறதா? படுத்தபடி தலையைத் தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது? எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். முதலில் இருபத்தைந்து, அடுத்து பதினெட்டு, அடுத்து பதினொன்று என்று இறங்கினால், அவர் "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும் நன்றாக இல்லை. இமை சரிந்தாலும் அதே பத்து குப்பிதான். கூடவே நியோஸ்டிக்மின், அட்ரோபின் ஊசிகள் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல பாம்பு என்றால் இமை மேலே வரும். கட்டுவிரியனுக்கு அது அவ்வளவாகப் பலிக்காது, ஏனென்றால் அதன் விஷம் நரம்பின் நுனியையே சேதப்படுத்தியிருக்கும், அது மெல்லத்தான் சரியாகும். அதுவரை அம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும், வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குப் போகும்வரை விடாமல். அந்த நிலையில் நோயாளி இமை அசையாமல், கை அசையாமல் பிணம் போலக் கிடப்பார். ஆனால் நாம் பேசுவது காதில் விழும். அவர் முன்னால் "முடிந்துவிட்டது" என்று யாரும் பேசக் கூடாது என்பதும் தாளில் ஒரு வரி. மூச்சு மட்டும் தடையில்லாமல் கிடைத்தால் இப்படிப்பட்டவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

நம் பகுதியில் கண்ணாடி விரியன் கடித்தாலும் இமை சரிவதுண்டு. அதனால் இரண்டு பக்கத்தையும் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். இமையை வைத்துப் பாம்புக்குப் பெயர் சூட்ட வேண்டாம்.

முதல் குழாய் உறைந்து, இமையும் சரியாக இருந்தால்? வீட்டுக்கு அனுப்ப முடியாது. விஷம் மெல்ல ஏறலாம். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு குழாய், பிறகு மணிக்கு ஒன்று, மொத்தம் ஒரு நாள் கண்காணிப்பு. "கடி லேசுதான், கிளம்புகிறோம்" என்று உறவினர்கள் சண்டை போடுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து அந்தச் சண்டையை நீங்கள் போடாதீர்கள்.

தாளின் கடைசிக் கட்டம் "அனுப்பும் முன்" என்பது. சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். டயாலிசிஸ் எங்களிடம் கிடையாது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் முதல் டோஸ் இங்கேயே ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணத்தை மருந்தில்லாமல் செய்யவிடக் கூடாது. கடித்த நேரம், குழாய் முடிவு, எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு, இவை எல்லாம் சீட்டில் எழுதி, அம்பு பையோடு ஒரு ஆளையும் உடன் அனுப்ப வேண்டும். இமை சரிந்தவரை வெறும் காரில் அனுப்பவே கூடாது.

இந்தத் தாளில் இருந்த எதுவும் பாம்பு என்ன நிறம் என்று தெரிந்தால்தான் நடக்கும் என்பது இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது. தேடிப்போய் அடிக்க வேண்டாம். அடித்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

ஆக, நம் தோட்டக்காரரையோ, இரவு செக்யூரிட்டியையோ, ஊருக்குப் போன இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையையோ பாம்பு கடித்தால், அந்த சுவரில் உள்ள தாளுக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியவை நான்கு. கடித்த நேரம். கடித்ததிலிருந்து என்னென்ன தெரிந்தது, வாந்தி, வயிற்று வலி, இமை கனம், ரத்தக் கசிவு. ஏதாவது கட்டினீர்களா, எப்போது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை. 108க்கு அழைக்கும்போதே "பாம்புக்கடி" என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்தும் மூச்சு உதவியும் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று கேளுங்கள். தமிழகத்தில் 2024 முதல் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்று. எந்தப் பகுதியில் எத்தனை குப்பி தேவை என்று அரசு கணக்கிட அது உதவும். அதனால் மருத்துவமனையில் பதிவு செய்ய விவரம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

நம் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் இந்த மருந்து இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணை கேட்டில் உள்ள செக்யூரிட்டி அறையில் எழுதி ஒட்டச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கிங்கிலிருந்து பின்பக்கம் போகும் வழியில் இரண்டு விளக்கு எரியவில்லை, அதையும் மாற்றிவிட்டால் நல்லது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.